பலகைப் படத்தில் ஒரு வார்த்தை மட்டும் மாற வேண்டும்: பெவல் எழுத்துக்கு மூன்று வழிகள், எது எப்போது?

“ஒரே ஒரு வார்த்தைதானுங்க, மாத்திக் குடுத்துருங்க.” ஈரோடு, திருப்பூர், கோவை என்று எந்த ஊர் டிசைன் சென்டரில் உட்கார்ந்தாலும் காதில் விழும் வேண்டுகோள் இது. கடைப் பலகையின் போட்டோ கையில் இருக்கும். தங்க நிறத்தில், விளிம்பு சரிவாக வெட்டிய புடைப்பு எழுத்து, அதாவது பெவல் எழுத்து. புதுக் கிளை திறக்கிறார்கள். பத்திரிகைக்கும் பேனருக்கும் அதே பலகை வேண்டும், ஊர்ப் பெயர் மட்டும் மாற வேண்டும்.

தட்டையான எழுத்தாக இருந்தால் நிறத்தை எடுத்து, எழுத்துருவைப் பொருத்தி, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பெவல் எழுத்தில் அது நடக்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மேல்தளம், இரண்டு பக்கமும் சரிவு முகங்கள், மூலையில் அந்தச் சரிவுகள் சந்திக்கும் சாய்கோடு, பின்னால் பலகையில் விழும் நிழல் என்று நான்கு விஷயங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று தவறினாலும் ஒட்டு வேலை என்பது தெரிந்துவிடும்.

இதற்கு வழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. பலகையில் ஏற்கெனவே உள்ள எழுத்துகளையே வெட்டி ஒட்டுவது ஒன்று. போட்டோஷாப்பின் `Bevel & Emboss` கொண்டு புதிதாகச் செய்வது இன்னொன்று. பிளெண்டரில் நிஜமான முப்பரிமாண எழுத்தாகக் கட்டி எடுப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## உதாரணப் பலகை

சிவப்பு ஏ.சி.பி. ஷீட்டின் மேல் இரண்டு வரி. மேல் வரி ‘ஜவுளி மாளிகை’, கீழ் வரி ‘ஈரோடு’. கீழே ‘ஈரோடு’ போய் ‘கோபி’ வர வேண்டும்.

படத்தில் அளந்தால் மேல் வரி எழுத்தின் உயரம் 300 பிக்சல், கோட்டின் தடிமன் 60, சரிவின் அகலம் 12. கீழ் வரியின் உயரம் 210, தடிமன் 42, சரிவு அதே 12. இந்தக் கடைசி எண்ணைக் குறித்து வையுங்கள். கீழ் வரி எழுத்து மேல் வரியில் 70 சதவீதம்தான், ஆனாலும் சரிவு குறையவில்லை. ஒரே வெட்டுக்கருவியால், ஒரே ஆழத்தில் விளிம்பு வெட்டிய பலகைகளில் இப்படித்தான் இருக்கும். எந்த வழியை எடுப்பது என்ற முடிவில் பாதி இந்த எண்ணிலேயே இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் இன்னொன்றும் கேட்டுவிட வேண்டும். இது போட்டோவா, அல்லது யாரோ கோரல்டிராவில் செய்த டிசைனா? டிசைன் என்றால் ஃப்ளெக்ஸ் அடித்த கடையில் மூலக் கோப்பு இருக்கும். அதை வாங்குவது கீழே சொல்லும் மூன்று வழிகளையும் விடச் சுலபம். எழுத்தைக் கர்வ் ஆக்கியிருந்தாலும் பரவாயில்லை, வடிவமாவது கிடைக்கும். யாருடைய பலகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கேட்டால் செய்யலாம். அடுத்தவர் கடையின் பலகையையோ அரசுப் பலகையையோ மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நிறத்திலிருந்து தொடங்குவோம். தங்கப் பூச்சு போட்ட ஸ்டீல் எழுத்தில் நாம் காணும் நிறம் பெரும்பாலும் எதிரில் இருப்பதன் பிரதிபலிப்பு. மேல்நோக்கிய சரிவு வானத்தைக் காட்டும், அதனால் வெளிர் மஞ்சள். கீழ்நோக்கிய சரிவு சாலையைக் காட்டும், அதனால் பழுப்பு. பக்கவாட்டுச் சரிவுகள் இரண்டுக்கும் நடுவில். ஆக, சரிவு முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைதான் அதன் நிறத்தை முடிவு செய்கிறது. நீங்கள் எடுக்கும் வழி இந்த விதியை மீறாமல் இருக்கிறதா என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது, எழுத்தின் பக்கச் சுவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. பலகை முதல் மாடியில் இருந்து, சாலையில் நின்று படம் எடுத்திருந்தால் எழுத்துகளின் அடிப்பக்கம் தெரியும். சரிவுக்குக் கீழே இன்னும் ஒரு கருமையான பட்டை ஓடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அப்படி ஓடினால் அது நிழல் அல்ல, எழுத்தின் கனம்.

மூன்றாவது, புது வார்த்தைக்கு வேண்டிய எழுத்துகள் பலகையில் எத்தனை இருக்கின்றன, அதே அளவில் இருக்கின்றனவா என்பது. நான்காவது, இதே வேலை மறுபடி வருமா என்பது. இன்று ‘கோபி’ கேட்பவர் அடுத்த மாதம் ‘பவானி’, ‘அந்தியூர்’ என்று வந்து நிற்கலாம்.

## வழி ஒன்று: இருக்கும் எழுத்தை வெட்டி ஒட்டுவது

இதன் பலம், எதையும் பொருத்த வேண்டியதில்லை என்பது. நிறம், பிரதிபலிப்பு, கேமராவின் இரைச்சல், தூசி எல்லாம் எழுத்தோடு சேர்ந்தே வந்துவிடும். நிபந்தனையும் ஒன்றுதான்: எழுத்தை இடம் நகர்த்தலாம், திருப்பக் கூடாது, கவிழ்க்கக் கூடாது, பெரிதாகச் சுழற்றவும் கூடாது. இடவலமாகத் திருப்பினால் இடப்பக்க வெளிச்சம் வலப்பக்கம் போய்விடும். வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த எழுத்து மட்டும் பள்ளமாகத் தெரியும்.

நம் ‘கோபி’யை எடுத்துக்கொள்வோம். ‘ரோ’விலிருந்து இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சரியான அளவிலேயே கிடைத்துவிடுகின்றன. ‘க’ மேல் வரியின் ‘கை’யில் இருக்கிறது. அதை 70 சதவீதமாகக் குறைத்தால் உயரம் 210 ஆகும், தடிமன் 42 ஆகும், ஆனால் சரிவும் 12லிருந்து 8 சொச்சமாகச் சுருங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் கொம்பின் சரிவு 12. வெறும் நாலு பிக்சல்தானே என்று தோன்றும். ஆனால் மேல்தளம் 18 பிக்சலாக இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆகிவிடுகிறது. அந்த எழுத்து மட்டும் தட்டையாக, பருத்துத் தெரியும்.

‘ப’ பலகையில் எங்குமே இல்லை. ‘ம’வின் இடக்கோட்டையும் அடிக்கோட்டையும் எடுத்து, இடக்கோட்டையே நகலெடுத்து வலப்பக்கம் நிறுத்தினால் ‘ப’ ஆகாதா என்று கேட்கலாம். பாதி ஆகும். நேர்க்கோட்டின் இரண்டு சரிவுகளும் நகர்த்தினாலும் சரியாகவே இருக்கும். வலது கீழ் மூலைதான் சிக்கல். அங்கே சாய்கோடு வேறு திசையில் போக வேண்டும். இடது மூலையைத் திருப்பி வைத்தால் வெளிச்சம் தவறும். ஆகவே அந்த மூலையை மட்டும் கையால் வரைய வேண்டும்: வலச் சரிவின் நிறத்தையும் அடிச் சரிவின் நிறத்தையும் அருகிலிருந்து எடுத்து, வெளிமூலையிலிருந்து உள்மூலைக்கு ஒரு நேர்க்கோடு போட்டு, இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். அளவு பிரச்சினை இதிலும் இருக்கிறது, ஏனென்றால் ‘ம’வும் மேல் வரிக்காரன்.

ஆக ‘கோபி’க்கு இந்த வழி ஒத்துவராது. இதே வழி அருமையாக வேலை செய்யும் இடமும் கொங்கு நாட்டில் தாராளமாக உண்டு. இங்கே பாளையங்கள் அதிகம். ‘கோபிசெட்டிபாளையம்’ என்ற பலகையை ‘மேட்டுப்பாளையம்’ ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பாளையம்’ தன் இடத்தில் அப்படியே இருக்கும். ‘மே’வுக்குக் கொம்பு ‘கோ’விலிருந்து, ‘ம’ கடைசி ‘ம்’மிலிருந்து, புள்ளியை விட்டுவிட்டு. ‘ட்’ ‘செட்டி’யிலேயே இருக்கிறது. ‘ப்’ வேண்டுமென்றால் ‘பா’வின் ‘ப’ மேல் ‘ட்’டின் புள்ளியை வைத்தால் போதும். ‘டு’ ஒன்றுதான் மிச்சம். அதன் வாலை மட்டும் வரைந்தால் வேலை முடிந்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. பலகையின் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் வெளிச்சம் சற்றே வேறுபடலாம். தூரத்து எழுத்தைக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி `Curves` தேவைப்படும். அதைவிடப் பெரியது, ஒட்டிய வேலையை மறுபடி திருத்த முடியாது என்பது. வாடிக்கையாளர் எழுத்துக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூட்டுங்கள் என்றால் நிழல், பின்னணி எல்லாம் மீண்டும் முதலிலிருந்து.

## வழி இரண்டு: `Bevel & Emboss`

மூன்றில் அதிகம் பயன்படுவதும் இதுதான், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். பெரும்பாலானோர் புது வார்த்தையைத் தட்டச்சு செய்து, ஸ்டைலைப் போட்டு, கண்ணளவில் எண்களை நகர்த்திப் பார்க்கிறார்கள். அது எப்போதும் சற்றுப் பிசகித்தான் நிற்கும், ஏனென்றால் ஒப்பிட எதுவும் இல்லை. முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பலகையில் இருக்கும் பழைய எழுத்தையே மறுபடி செய்யுங்கள். அது அச்சாக வந்த பிறகு வடிவத்தை மட்டும் மாற்றுங்கள்.

நம் பலகையில் அதற்குத் தோதானது ‘ரோ’. ‘ர’வில் நேர்க்கோடுகள், இரட்டைக்கொம்பில் சுழி. தமிழ் எழுத்தின் சுழி இந்த வேலைக்குக் கிடைத்த வரம். ஒரே சுழியில் சரிவு முகம் எல்லாத் திசைகளையும் பார்த்துவிடுகிறது. எந்த இடத்தில் அது மிக வெளிச்சமாக இருக்கிறதோ, அந்தத் திசைதான் உங்கள் `Angle`. கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் 12 மணி என்பது 90 டிகிரி, 11 மணி 120, 9 மணி 180, 3 மணி 0.

படிப்படியாகப் பார்ப்போம்.

‘ரோ’வின் வெளிக்கோட்டை `Pen Tool` கொண்டு வரைந்து ஷேப் லேயர் ஆக்குங்கள். அதை `Convert to Smart Object` செய்து, உள்ளே போய் மூன்று மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. சிறிய அளவில் `Chisel Hard` போட்டால் வளைவுகளில் படிக்கட்டுபோல் வரிவரியாக விழும். மூன்று மடங்கில் செய்து வெளியே சுருக்கினால் அந்த வரிகள் கரைந்துவிடும்.

உள்ளே இருக்கும் ஷேப்புக்கு ஸ்டைல் இது:

```
Style: Inner Bevel
Technique: Chisel Hard
Depth: 100%
Size: 36 px      (12 × 3)
Soften: 1 px
Use Global Light: off
Angle: 120
Altitude: 30
```

`Style` கட்டாயம் `Inner Bevel` ஆக இருக்கட்டும். `Emboss` என்று வைத்தால் சரிவின் பாதி எழுத்துக்கு வெளியே வழிந்து, எழுத்து பருத்துவிடும்.

அடுத்தது நிறம். `Highlight Mode` வழக்கமாக `Screen` என்றும் `Shadow Mode` `Multiply` என்றும் இருக்கும். பலகையிலிருந்து நிறம் உறிஞ்சி அங்கே வைத்தால் வெளிச்சம் வெளுத்துப்போகும், நிழல் கறுத்துப்போகும், ஏனென்றால் அந்த முறைகள் ஏற்கெனவே உள்ள நிறத்தோடு கலந்து கணக்குப் போடுகின்றன. இரண்டையும் `Normal` ஆக்கி, `Opacity` 100% வைத்துவிட்டு, மேற்சரிவின் வெளிர் மஞ்சளை ஒன்றிலும் அடிச்சரிவின் பழுப்பை இன்னொன்றிலும் வையுங்கள். மேல்தளத்துக்கு `Gradient Overlay`: பலகையில் மேலும் கீழும் எடுத்த இரண்டு மாதிரி நிறங்கள் போதும்.

இவ்வளவு செய்தும் ஒன்று உதைக்கும். நிஜ எழுத்தில் இடச்சரிவுக்கும் வலச்சரிவுக்கும் தனித்தனி நிறம் இருக்கும். ஒற்றை ஸ்டைலில் வெளிச்சம், நிழல் என்று இரண்டே நிறம்தான். அதற்கு அதே ஷேப்பை நகலெடுத்து மேலே வைத்து, `Fill` 0% ஆக்கி, `Gradient Overlay`யை எடுத்துவிட்டு, `Angle` 180 என்று பக்கவாட்டு நிறங்களைக் கொடுங்கள். அங்கே வெளிச்சம், நிழல் இரண்டின் `Opacity`யையும் 40 சதவீதத்தில் தொடங்கிச் சரிசெய்யலாம். `Fill` 0 என்பதால் ஷேப்பின் சொந்த நிறம் மறைந்து, விளைவு மட்டும் நிற்கும்.

இப்போது வெளியே வந்து, பழைய ‘ரோ’வின் மேல் இதை வைத்து லேயரை `Difference` ஆக்குங்கள். முழுக்கக் கறுப்பானால் இரண்டும் ஒன்று. முழுக்கக் கறுப்பு ஆகாது, ஆக வேண்டியதுமில்லை. எங்கே ஒளிர்கிறது என்பதைத்தான் படிக்க வேண்டும். எழுத்தின் வெளிவிளிம்பில் மெல்லிய கோடாக ஒளிர்ந்தால் வரைந்த வடிவம் பிசகு. சரிவுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே கோடாக ஒளிர்ந்தால் `Size` பிசகு. ஒரு சரிவு முழுதும் பட்டையாக ஒளிர்ந்தால் அந்தத் திசையின் நிறம் பிசகு. சுழியின் ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால் `Angle` பிசகு. இந்த நாலையும் பார்த்துப் பார்த்துத் திருத்தினால் ஸ்டைல் கைக்கு வந்துவிடும்.

அப்புறம்தான் ‘கோபி’. கொம்பும் காலும் வரைந்தாயிற்று. ‘க’வின் வெளிக்கோட்டை மேல் வரியிலிருந்து வரைந்து 70 சதவீதமாக்குங்கள். வெட்டி ஒட்டும்போது உதைத்த சரிவு அளவு இங்கே உதைக்காது. சுருங்குவது வெளிக்கோடு மட்டும்தான், சரிவை ஸ்டைல் புதிதாக 12லேயே போட்டுவிடும். ‘ப’வை ‘ம’வின் இடக்கோடு, அடிக்கோடு கொண்டு கட்டி, ‘ளி’யின் மேல்விலங்கை அதன் வலக்கோட்டு உச்சியில் இணையுங்கள், இவையும் மேல் வரியிலிருந்து வருவதால் அதே 70 சதவீதம்தான். வலது கீழ் மூலையின் சாய்கோடும் தானாக விழும். விலங்கையும் ‘ப’வையும் `Unite Shapes` கொண்டு ஒரே வடிவமாக்க மறக்க வேண்டாம். தனித்தனி லேயராக இருந்தால் இணைப்பில் ஒன்றின் குறுக்கே மற்றதன் சரிவு ஓடும்.

எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் ‘கோ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், `Preferences > Type` உள்ளே தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கைவேலைக்காரர் வரைந்த பலகைக்கு ஒத்த எழுத்துரு கிடைப்பது அரிது, வரைந்துவிடுவதே நல்லது.

ஸ்டைலை ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் ஏன் போடச் சொன்னேன் என்பது படம் சற்றே கோணலாக இருக்கும்போது விளங்கும். வெளியே ஸ்டைல் போட்டால், `Distort` செய்து சாய்த்த எழுத்துக்கும் சரிவு எல்லாப் பக்கமும் 12 பிக்சலாகவே நிற்கும். நிஜத்தில் தூரம் போகப் போகச் சரிவும் குறுக வேண்டும். ஸ்டைல் உள்ளே இருந்தால் `Distort` செய்யும்போது அதுவும் சேர்ந்து குறுகும்.

நிழலைத் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்தில் அளந்தால் நிழல் வலப்பக்கம் 9, கீழே 14 பிக்சல் தள்ளி விழுகிறது என்றால், வெயில் சுமார் 123 டிகிரியிலிருந்து வருகிறது. சுழியில் கண்ட 120 இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எப்போதும் அப்படி அமையாது. சரிவின் பளபளப்பு வானத்தின் பிரதிபலிப்பு, நிழல் வெயிலின் வேலை. இரண்டும் வேறு திசை காட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். `Use Global Light` எடுத்துவிடச் சொன்னது இதற்காகத்தான். நிழலின் நிறம் கறுப்பு அல்ல, அடர் சிவப்பு. பலகையிலேயே மாதிரி எடுக்கவும்.

கடைசியாக, கணினி எழுத்து போட்டோவை விடக் கூர்மையாக இருக்கும். `Gaussian Blur` 0.5 முதல் 0.8 வரை, `Add Noise` 1 முதல் 2 சதவீதம், `Monochromatic`. நீல சேனலை மட்டும் திறந்து பக்கத்து எழுத்தோடு ஒப்பிடுங்கள். மொபைல் போட்டோவில் இரைச்சலும் கட்டம் கட்டமான சிதைவும் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

இந்த வழியின் மறை செலவு அந்த முதல் ‘ரோ’. அதற்கு நேரம் பிடிக்கும். அடுத்தடுத்த ஊர்ப் பெயர்களுக்கு அந்தச் செலவு மறுபடி இல்லை. எல்லை எது என்றால் பக்கச் சுவர். எழுத்தின் கனம் தெரியும் படத்தில் `Bevel & Emboss` எதையும் செய்யாது. நகல்களை ஒரு பிக்சல் ஒரு பிக்சலாகத் தள்ளி அடுக்கிக் கனம் காட்டலாம், ஆனால் அந்தக் கனம் எல்லா எழுத்துக்கும் ஒரே திசையில் போகும். கிட்டத்திலிருந்து எடுத்த படத்தில் இடக்கோடி எழுத்தும் வலக்கோடி எழுத்தும் வேறு வேறு பக்கச் சுவரைக் காட்டும். அங்கே குட்டு உடைந்துவிடும்.

## வழி மூன்று: பிளெண்டர்

பக்கச் சுவர் தெரிகிற படத்துக்கும், ஒரே எழுத்தைப் பல கோணங்களில் கேட்பவருக்கும் இதுதான் வழி.

தமிழுக்கு முதல் தடையே தட்டச்சுதான். பிளெண்டரின் எழுத்துப் பொருளில் ‘கோ’ சரியாகக் கோக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப்பில் வார்த்தையை அமைத்து `Path > Object to Path` செய்து, SVG ஆகச் சேமித்து, அதைப் பிளெண்டரில் இறக்குங்கள். மிகச் சிறியதாக வந்து விழும். பெரிதாக்கி, `Ctrl+A` கொண்டு `Scale` உறுதி செய்த பிறகே அளவுகளைத் தொடுங்கள்.

`Geometry` பகுதியில் `Extrude` கனத்தைத் தரும், `Bevel Depth` சரிவைத் தரும். `Resolution` 0 என்று வைத்தால்தான் சரிவு நேர்வெட்டாக இருக்கும், கூட்டினால் உருண்டையாகிவிடும். சரிவு வெளிப்பக்கமாக வளர்ந்து எழுத்தைப் பருக்க வைக்கும் என்பதால், `Offset`டில் அதே எண்ணை எதிர்க்குறியோடு கொடுங்கள். சரிவு 0.02 என்றால் `Offset` -0.02. இங்கேதான் சுழி காலை வாரும். சின்னச் சுழியின் உட்புறத்தில் சரிவுகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு நிற்கும். பிளெண்டர் அதைத் தடுக்காது. நடுவில் கூரைபோல் முகடு வரும் வரை சரிவு போகிற எழுத்துக்கு இந்த முறை அநேகமாக உதவாது. அந்த வடிவத்தைப் போட்டோஷாப்பின் `Chisel Hard` சுலபமாகக் கொடுத்துவிடும், `Size` கோட்டின் பாதித் தடிமனைத் தாண்டினால் போதும்.

கேமராக் கோணத்துக்கு fSpy என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பலகையின் மேல், கீழ் விளிம்புகளையும் பக்க விளிம்புகளையும் கோடாகக் காட்டினால் கோணத்தைக் கணித்துத் தரும். பிறகு பொருள்: `Metallic` 1, `Roughness` 0.2 அளவில். உலோகம் மட்டும் இருந்தால் எழுத்து கறுத்துத்தான் தெரியும், ஏனென்றால் பிரதிபலிக்க எதிரில் ஒன்றும் இல்லை. பலகைக்கு எதிரே இருப்பதைக் கட்ட வேண்டும். மேலே வெளிர் நிறத் தளம் ஒன்று வானத்துக்கு, கீழே சாம்பல் பழுப்புத் தளம் சாலைக்கு, நடுவில் கருமையான பட்டை ஒன்று எதிர்வரிசைக் கட்டடங்களுக்கு. இந்த மூன்றே தங்க எழுத்தை உயிர்ப்பித்துவிடும்.

எடுக்கும்போது `Film > Transparent` போடுங்கள். `View Transform` என்பதை `Standard` ஆக்குங்கள், பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக இருக்கும் `AgX` நிறத்தை மங்கலாக்கும், பிறகு பலகையின் மஞ்சளோடு ஒட்டவே ஒட்டாது. நிழலுக்கு `Cycles` இயந்திரத்தில் பின்னால் ஒரு தளம் வைத்து `Shadow Catcher` ஆக்குங்கள்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வடிவம் கட்டுவதில் அல்ல, எதிரிலுள்ள தளங்களை நகர்த்தி நகர்த்தி நிறத்தைப் பழைய எழுத்தோடு சேர்ப்பதில். இங்கும் பழைய எழுத்து ஒன்றைச் செய்து `Difference` பார்க்கும் விதி அப்படியே பொருந்தும்.

## ஒரு பார்வையில்

| | வெட்டி ஒட்டல் | `Bevel & Emboss` | பிளெண்டர் |
|---|---|---|---|
| நேராக எடுத்த படம் | எழுத்துகள் கிடைத்தால் மிக நன்று | மிக நன்று | தேவையற்ற உழைப்பு |
| பக்கச் சுவர் தெரியும் படம் | பக்கத்து எழுத்தானால் மட்டும் | ஒத்துவராது | இதுதான் |
| வேறு அளவு எழுத்திலிருந்து எடுக்க | சரிவு சுருங்கும் | வெளிக்கோடு மட்டும் எடுத்தால் சரி | சரி |
| மீண்டும் மீண்டும் ஊர் மாற்ற | ஒவ்வொரு முறையும் புது வேலை | வடிவம் மாற்றினால் போதும் | வடிவம் மாற்றினால் போதும் |
| எங்கே கெடும் | மூலை, வெளிச்ச வேறுபாடு | பக்கவாட்டு நிறம், அதிகக் கூர்மை | சுழியின் உட்புறம், பிரதிபலிப்பு |

## ‘கோபி’க்கு எது?

படம் நேராக இருக்கிறது, பக்கச் சுவர் இல்லை, ‘ப’ பலகையில் இல்லை, ‘க’வும் வேறு அளவு. ஆகவே இரண்டாவது வழி.

கொம்பும் காலும் அசலாகக் கிடைக்கிறதே, அவற்றை ஒட்டிவிட்டு ‘க’வையும் ‘பி’யையும் மட்டும் செய்தால் என்ன என்ற ஆசை வரும். வேண்டாம். ஒரே வார்த்தைக்குள் அசலும் செய்ததும் தோளோடு தோள் நின்றால் சிறு வேறுபாடும் கண்ணில் குத்தும். வார்த்தை முழுதும் ஒரே வழியில் வந்தால், அசல் வரி மேலே இடைவெளி விட்டு நிற்பதால் அந்த வேறுபாடு யாருக்கும் படாது.

‘ஈரோடு’வை அழிக்கும்போது எழுத்தோடு அதன் நிழலையும் சேர்த்து மறையுங்கள். பலரும் எழுத்தின் விளிம்பு வரை மட்டும் அழித்துவிட்டு, சிவப்பில் மங்கலான ‘ஈரோடு’வின் ஆவியை விட்டுவைப்பார்கள். நிரப்புவதற்கான துண்டை அதே உயரத்தில் இடமோ வலமோ இருந்து எடுங்கள். பலகையில் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் மாறுகிறது, அதனால் மேல்பகுதிச் சிவப்பு கீழே ஒட்டாது. ஷீட்டுகள் சேரும் கோடு அந்த வழியே போனால் அதைத் திரும்ப வரைந்துவிட வேண்டும். ‘கோபி’ ‘ஈரோடு’வை விடக் குறுகியது, எழுத்தை இழுத்து நீட்டாமல், வரியின் நடுவில் வைத்து இருபுறமும் வெறும் பலகையாக விடுங்கள்.

பேனர் 10 × 4 அடி, 72 டி.பி.ஐ. என்றால் 8640 × 3456 பிக்சல் வேண்டும். மொபைல் போட்டோவை அவ்வளவுக்குப் பெரிதாக்கிய பிறகு ‘கோபி’யைச் செய்யாதீர்கள், புது வார்த்தை கத்திபோலவும் மற்றவை பஞ்சுபோலவும் தெரியும். போட்டோவின் அசல் அளவிலேயே வேலையை முடித்து, மங்கலும் இரைச்சலும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பிறகு முழுப் படத்தையும் சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

## படத்தையே திரும்ப எடுக்க வேண்டிய நேரம்

உச்சி வெயிலில் எடுத்த படத்தில் மேற்சரிவு முழுதும் வெறும் வெள்ளையாக எரிந்து போயிருந்தால் மூன்று வழியும் தடுமாறும். மாதிரி எடுக்க அங்கே நிறமே இல்லை. எழுத்துக்குப் பின்னால் எல்.இ.டி. எரியும் இரவுப் படத்திலும், ஒளி பலகையில் பரவும் விதத்தைப் பொருத்துவது பெவலைப் பொருத்துவதை விடக் கடினம். கடை பக்கத்தில் இருந்தால், பலகை முழுதும் நிழலில் இருக்கும் வேளையில் எதிர்ப்புறச் சாலையில் தள்ளி நின்று, மொபைலில் டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைக் கொண்டு நேர்முகமாக ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். தள்ளி நின்றால் பக்கச் சுவர் குறையும், நிழலில் எடுத்தால் சரிவின் நிறங்கள் எரியாமல் கிடைக்கும். மூன்றாம் வழி கேட்ட வேலை அதன் பிறகு பெரும்பாலும் இரண்டாம் வழியிலேயே முடிந்துவிடும்.